தோலில் புள்ளி வைத்தல்

ஆய்வேடு ஒப்படைத்தவர்கள் அனைவரும் ஒருமுறையேனும் சொல்லியிருக்கக்கூடிய ஒரு சொற்றொடர் உண்டு: ‘அட்டையில் எம்போஸ் செய்து கொடுங்கள்.’ கரும்பச்சை அல்லது செந்நிற ரெக்சின் அட்டையில் தலைப்பும் பெயரும் பொன்னிறத்தில் பளபளக்கும். அவ்வேடு கையில் இருந்தால் அந்த எழுத்துகளின்மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள். எழுத்து மேலெழும்பி இராது. சற்றே கீழிறங்கியிருக்கும். ‘எம்போஸ்’ என்ற சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு மொழியில் வீக்கத்தையும் புடைப்பையும் குறித்தது. நம் ஆய்வேடுகளில் புடைத்திருப்பது எதுவுமில்லை. சூடான அச்சு ஒன்று நிறத்தாளை அட்டையில் ஒட்டவைத்திருக்கிறது. ஒட்டும்போது மேற்பரப்பைச் சிறிது அழுத்தியும் இருக்கிறது. அவ்வளவே.

மொழியியல் படித்தவர்களுக்கு இது ஒரு சுவையான பொருள்மாற்றம். ஆயினும் தோலட்டையில் ஒரு சின்னத்தைப் பதிக்க நேரும்போது சுவை மட்டும் போதாது. ஃபாயில் பதிப்பு, புடைப்பு, குழிப்பு ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகள். மூன்றுக்கும் வேறு வேறு அச்சும், தோலும், வெப்பமும் வேண்டும். கடையில் மூன்றுக்கும் ஒரே சொல் வழங்கினால் கேட்டது ஒன்றாகவும் கைக்கு வருவது வேறாகவும் ஆகிவிடும். என் தோழி ஒருத்தி நகரத்துக் கடை ஒன்றில் புடைத்த சின்னம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ஐம்பது பொன்னிறத் தட்டைச் சின்னங்களைப் பெற்றுத் திரும்பினாள். கடைக்காரரின் வழக்கில் அதற்கும் பெயர் எம்போஸ்தான்.

எங்கள் தேவை சற்றுக் குறிப்பானது. காரியவட்டம் வளாகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து அகத்தியமலை அடிவாரக் காணிக்காரர் குடியிருப்புகளில் சொற்கள் திரட்டி வருகிறோம். திரட்டியவற்றைக் கணினியில் வைத்துக்கொள்வதோடு நில்லாமல், சொல் தந்த முதியோர் ஒவ்வொருவருக்கும் அவரவர் சொற்கள் கையால் எழுதப்பட்ட ஒரு குறிப்பேட்டைத் திருப்பித் தரவேண்டும் என்று முடிவு செய்தோம். மொத்தம் நாற்பது ஏடுகள். முப்பது அவர்களுக்கு, பத்து நூலகங்களுக்கும் துறைக்கும். அட்டை தோலால் ஆனது. அதில் எங்கள் சின்னம்: நாற்பது மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் ஓலை, அதன்மேல் ஓர் எழுத்தாணி, அடியில் ‘எழுத்தும் சொல்லும்’ என்ற ஒரு வரி. மழையும் வியர்வையும் அடுப்புப் புகையும் பார்க்கப்போகிற ஏடுகள் இவை. வாங்குவோரில் ஒரு பாட்டிக்குக் கண்புரை முற்றியிருக்கிறது. எந்த ஏடு தன்னுடையது என்பதை அவர் தடவித்தான் அறிவார். ஆகவே அழகாக இருக்குமா என்பதற்கு முன்பாக இரண்டு கேள்விகள் நின்றன. பத்தாண்டு நிற்குமா? விரலுக்குத் தெரியுமா?

கழக்கூட்டம் சந்திப்பிலிருந்து சிறிது தொலைவில் ஒரு பைண்டிங் பட்டறை இருக்கிறது. நடத்துபவர் மார்த்தாண்டத்துக்காரர். 1956 நவம்பர் முதல் நாள் வரை இரண்டு ஊர்களும் ஒரே ஆட்சிப்பகுதியில் இருந்தவையே என்பதால், அவர் தம்மை வெளியூர்க்காரர் என்று கருதிக்கொள்வதில்லை. ‘அண்ணாச்சி, இந்தச் சின்னத்தப் புடைச்சுத் தரமுடியுமா, குழிச்சுத் தரமுடியுமா?’ என்று கேட்டேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. ‘மொதல்ல தோலக் காட்டுங்க மக்களே’ என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் பாதிப் பாடம் இருந்தது. தோல் பதனிடும் முறைகளில் முதன்மையானவை இரண்டு. குரோம் உப்பால் பதனிட்டது ஒன்று. மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ப்பால் பதனிட்டது மற்றொன்று. இன்று காலணிகளுக்கும் கைப்பைகளுக்கும் பெரும்பாலும் முதல் வகையே பயன்படுகிறது. அது மென்மையானது, நீரைத் தாங்கும், ஆனால் நினைவாற்றல் இல்லாதது: அழுத்தினால் குழியும், சிறிது நேரத்தில் மீண்டும் எழும். துவர்ப்பால் பதனிட்ட தோல் அப்படியன்று. ஈரமாக இருக்கும்போது களிமண்போல் வடிவை ஏற்றுக்கொள்ளும். உலர்ந்தபின் அவ்வடிவை விடாது. தமிழ்நாட்டில் இவ்வகைக்கு நீண்ட மரபு உண்டு. ஆவாரம் பட்டையால் பதனிட்டு, வெயிலில் சிவக்காதிருக்கக் கடுக்காய் ஊட்டி, சென்னைத் துறைமுகம் வழியே கப்பலேறிய தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்றே பெயர். ‘ஈ.ஐ. தோல்’ என்ற பெயரில் அது இன்று தமிழ்நாட்டின் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்று. ஆவாரையின் இடத்தை வாட்டில் பட்டை பெரிதும் பிடித்துக்கொண்டபோதிலும் தோலின் இயல்பு அதுவேதான்.

இரண்டையும் வேறு பிரித்தறிய ஆய்வகம் வேண்டாம். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் குரோம் தோல்; ஊடுருவப் பழுப்பாக இருந்தால் துவர்ப்புத் தோல். பிறகு ஓரத்தில் ஒரு துளி நீர் தொட்டு, நகத்தால் அழுத்திவிட்டு ஒரு மணிநேரம் கழித்துப் பாருங்கள். நகக்கோடு நின்றால் குழிப்பும் நிற்கும். திண்டுக்கல்லிலிருந்து வரவழைத்த எங்கள் மாட்டுத்தோல், 1.2 மில்லிமீட்டர் தடிமன், இத்தேர்வில் தேறியது. அண்ணாச்சி அதன்பிறகே படத்தைக் கையில் வாங்கினார்.

அட்டை ஒட்டுவதற்கு முன், கழிவுத் துண்டுகளில் மூன்று முறைகளையும் செய்து பார்த்தோம்.

முதலில் ஃபாயில். ‘மக்களே, இதுல தங்கம் ஒண்ணும் கெடையாது, அலுமினியமாக்கும்’ என்று சுருளைக் காட்டினார். உண்மைதான். ஒரு மெல்லிய பாலியெஸ்டர் படலம். அதன்மேல் சூட்டில் விட்டுக்கொடுக்கும் மெழுகுப் பூச்சு. அதற்குமேல் மஞ்சள் அரக்குப் பூச்சு. பிறகு வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். கடைசியில் சூட்டில் இளகும் பசை. மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளி தெரிவது போலத்தான் அந்தப் பொன்னிறம். சூடான அச்சு அழுத்தும்போது இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே கணத்தில் நடக்கவேண்டும்: மெழுகு விடவேண்டும், பசை பிடிக்கவேண்டும். சூடு குறைந்தால் பொன் திட்டுத்திட்டாக விழும். மிகுந்தால் எழுத்தின் விளிம்பைத் தாண்டிப் படலம் ஒட்டி, உள்வெளிகள் அடைந்துபோகும்.

105 டிகிரியில் ஓலை விழுந்தது, எழுத்து உடைந்தது. 135 டிகிரியில் எழுத்து முழுமையாக விழுந்தது, ஆனால் உகரச் சுழிகளின் உள்வெளி பொன்னால் நிரம்பிவிட்டது. இடைப்பட்ட வெப்பத்திலோ ஒரு விசித்திரம்: எழுத்துகள் நன்றாக இருந்தன, புள்ளிகளைக் காணவில்லை. ‘எழுத்தும் சொல்லும்’ என்பதில் நான்கு மெய்கள். நான்கின் புள்ளிகளில் இரண்டு விழவில்லை. ஒன்று தன் எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. காரணம் தோலின் மயிர்த்துளைகளும் சுருக்கங்களும்தாம். எங்கள் படத்தில் புள்ளியின் குறுக்களவு 0.4 மில்லிமீட்டர். தோலின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களும் ஏறத்தாழ அதே அளவின. கோடு நீளமாக இருப்பதால் ஒரு பள்ளத்தைத் தாண்டி அடுத்த மேட்டைத் தொட்டுவிடும். புள்ளி பள்ளத்தில் விழுந்தால் அதற்குத் தொடுவதற்கு வேறிடம் இல்லை.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வளாகத்துச் சுவடி நூலகம் நினைவுக்கு வந்தது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளி பொதுவாக இடப்படுவதில்லை. ஆணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். எழுதுபொருளே எழுத்தின் வடிவில் ஒன்றை அழிக்கிறது. படிப்பவர் சூழலைக் கொண்டு அதை நிரப்பிக்கொள்கிறார். சுவடி படித்துப் பழகியவருக்கு அது இடரில்லை. ஆனால் தன் பேரனிடம் ‘இதில் என்ன எழுதியிருக்கிறது, படி’ என்று கேட்கப்போகிற ஒருவருக்கு நாங்கள் புள்ளியில்லாத தமிழைத் தரமுடியாது.

அடுத்தது புடைப்பு. இதற்கு ஓர் அச்சு போதாது, இரண்டு வேண்டும். உருவம் குழிவாக வெட்டப்பட்ட ஒன்று தோலின் மேற்புறத்திலும், அதே உருவம் மேடாக அமைந்த இணை ஒன்று அடிப்புறத்திலும் நிற்க, இடையில் தோல் நெரிபட்டு மேலெழும். எனவே அட்டையில் ஒட்டியபின் இதைச் செய்ய இயலாது. முன்னரே செய்துகொண்டால், பின்னர் அட்டையோடு ஒட்டிப் பாரம் வைக்கும்போது எழுந்தது மீண்டும் அமுங்கும். அதைத் தடுக்கப் பின்புறக் குழியைப் பசைக் கூழாலோ அட்டைத் துண்டாலோ நிரப்பவேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணமும் பசையும் கலந்த கலவையால் மேடு கட்டி, அதன்மேல் பொன்தாள் ஒட்டுவது இதன் உறவினன்: கீழிருந்து தள்ளுவதற்குப் பதிலாக மேடே கட்டிவிடுவது.

எங்கள் துண்டில் ஓலை மிக அழகாக எழுந்தது. எழுத்தோ எழவே இல்லை. அடுத்தடுத்த எழுத்துகள் ஒரே மேடாகக் கலந்து, உறையிட்ட தலையணைபோல் தெரிந்தன. தடித்த கம்பளியைச் சீப்பின் பற்கள்மேல் போர்த்தினால் பற்கள் தனித்தனியே தெரியாது. 1.2 மில்லிமீட்டர் தோல் 0.3 மில்லிமீட்டர் கோட்டைச் சுற்றி வளைவதும் அவ்வாறே. தோலைப் பாதியாகச் சீவி மெலிதாக்கலாம். அப்போது அட்டையின் உறுதி குறையும். இன்னொன்று, மேடாக இருப்பதே முதலில் தேயும். பைக்குள் உரசும் ஏட்டில் உயர்ந்த இடம் எதுவோ அதுவே முதலில் வெளுக்கும். முப்பது ஏடுகளுக்கும் புடைப்பு வேண்டாம் என்று அன்றே விட்டுவிட்டோம்.

மூன்றாவது குழிப்பு. அச்சு ஒன்றுதான், உருவம் மேடாக நிற்கும், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். தோலை அட்டையில் ஒட்டிய பிறகும் செய்யலாம். மேற்பரப்பைக் கடற்பஞ்சால் ஈரப்படுத்தி, நீர் உள்ளிறங்கி, தோல் தன் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். தொட்டால் குளிர்ச்சி தெரியவேண்டும், விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. அந்த நிலையில் அழுத்தி, பத்துப் பதினைந்து நொடிகள் அப்படியே வைத்திருந்தால் குழி நிற்கும். அச்சு இளஞ்சூடாக இருந்தால் குழியின் அடி சற்றுக் கறுத்து, நிழலோடு சேர்ந்து உருவம் தெளியும்.

இளஞ்சூடு என்ற சொல்லில் ஓர் எல்லை இருக்கிறது. துவர்ப்புத் தோல் ஈரமாக இருக்கும்போது எழுபது, எண்பது டிகிரி வாக்கிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். சுருங்கிய தோல் கறுத்துக் கடினமாகி, பின்னர் வெடிக்கும். உலர்ந்த தோலோ ஃபாயிலுக்கான 120 டிகிரியைச் சில நொடிகள் தாங்கும். ஆகவே ஈரமும் கடுஞ்சூடும் ஒருபோதும் சேரக்கூடாது. பைண்டர்களிடம் இதற்கு வெப்பமானி தேவைப்படாத ஒரு தேர்வு உண்டு. ஈரப்பஞ்சால் அச்சைத் தொட்டுப் பார்ப்பார்கள். ‘சுர்’ என்று சத்தம் எழுந்தால் குழிப்புக்கு அந்தச் சூடு அதிகம்.

ஈரத்தோலுக்கு இன்னொரு பகை இரும்பு. துவர்ப்பும் இரும்பும் நீரில் சந்தித்தால் கருநீலக் கறை பிறக்கும். கடுக்காயும் இரும்பும் கொண்டு மை காய்ச்சிய அதே வேதியியல்தான். அதனால் அச்சைப் பித்தளையிலோ மக்னீசியத்திலோ செய்வார்கள். பித்தளையைக் கடைந்தெடுக்க வேண்டும், விலை கூடும், ஆயிரக்கணக்கில் அடித்தாலும் மழுங்காது. மக்னீசியத்தை அமிலத்தால் அரித்தெடுப்பார்கள், விலை குறைவு, விளிம்பு விரைவில் தேயும். நாற்பது ஏடுகளுக்கு மக்னீசியமே போதும். பட்டறையின் அழுத்தப் பொறி இரும்பால் ஆனது என்பதால், ஈரத்தோல் அதில் படாதவாறு அடியில் தடித்த காகிதம் விரித்தோம்.

துண்டில் குழிப்பு தெளிவாக விழுந்தது. ஓலைமட்டும் மேலோட்டமாகவே இறங்கியிருந்தது. இதற்குக் காரணம் எளிய கணக்கு. படத்தில் ஓலை முழுவதும் நிரப்பிய வடிவமாக இருந்தது; அச்சு தோலைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 12 சதுர சென்டிமீட்டர். ஓலையை வெளிக்கோடாகவும் நடுநரம்பாகவும் மட்டும் வரைந்தால் தொடும் பரப்பு 3 சதுர சென்டிமீட்டருக்குச் சுருங்கும். கைப்பிடியை இழுக்கும் விசை அதேதான். ஆனால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் நான்கு மடங்கு அழுத்தம் கிடைக்கும். திரையில் நிறைவாகத் தெரியும் சின்னம் தோலில் சோகையாக விழுவதும், கோட்டோவியம் ஆழமாக விழுவதும் இதனால்தான்.

எனவே சின்னத்தைத் தோலுக்காக மறுபடி வரைந்தோம். ஓலை கோடாயிற்று. எழுத்தின் உயரம் நான்கிலிருந்து ஆறு மில்லிமீட்டராகவும், கோட்டின் தடிமன் 0.6 மில்லிமீட்டராகவும் வளர்ந்தன. புள்ளியை எழுத்தின் கோட்டைவிடப் பெரிதாக, 0.9 மில்லிமீட்டர் வட்டமாக வைத்தோம். எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையே 0.7 மில்லிமீட்டர் வெளி விட்டோம். தாளில் இந்தப் புள்ளிகள் மிகப் பெரியனவாகத் தெரியும். தோலில் குழியின் கரைகள் சற்று உருண்டு உள்வாங்குவதால், விழுந்தபின் அளவாகவே இருக்கின்றன. ழகரத்தின் கீழ்ச்சுழியையும் உகரச் சுழிகளையும் இதே நோக்கில் திறந்துவிட்டோம். எழுத்துருவில் இருப்பதை அப்படியே அனுப்பினால் பொறியும் தோலும் தமக்கு வேண்டியபடி அதைத் திருத்திக்கொள்ளும். நாமே முன்கூட்டித் திருத்திவிடுவது நல்லது.

முப்பது ஏடுகளும் வெறுங்குழிப்பாகவே முடிந்தன. நூலகங்களுக்கான பத்தில் பொன்னிறமும் வேண்டும் என்பது நண்பர்களின் விருப்பம். அதற்கு அண்ணாச்சி சொன்ன வழி, புள்ளியின் சிக்கலையும் சேர்த்தே தீர்த்தது. முதலில் ஃபாயில் இல்லாமல் குழிக்கவேண்டும். ஒரு நாள் முழுதும் உலரவிட வேண்டும். பிறகு அதே அச்சை, அதே இடத்தில், ஃபாயிலோடு 120 டிகிரியில் ஒரு நொடி அழுத்தவேண்டும். முதல் அழுத்தத்திலேயே குழியின் அடியில் இருந்த துளைகளும் சுருக்கங்களும் நசுங்கி வழவழப்பாகிவிடுவதால், இரண்டாவது அழுத்தத்தில் புள்ளிக்கும் தொடுவதற்குச் சமதளம் கிடைக்கிறது. பொன்னும் மேற்பரப்பில் இல்லாமல் பள்ளத்தில் தங்குவதால் எளிதில் உரசாது.

இரண்டு அழுத்தமும் ஒரே இடத்தில் விழவேண்டும் என்பதே இதன் கடினம். அச்சைப் பொறியின் தலையிலிருந்து கழற்றவே கூடாது. கீழே அட்டையின் இரு விளிம்புகள் வந்து முட்டுவதற்குக் கட்டைகள் ஒட்டிவைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொன் நிழல் விழுந்துவிடும். பத்தில் ஒன்றில் அப்படித்தான் விழுந்தது. அதை நாங்களே வைத்துக்கொண்டோம். வேறொன்றில் வலப்பக்க எழுத்துகள் வெளிறின. தோலின் வயிற்றுப்பகுதி முதுகுப்பகுதியைவிட மெலிதாக இருந்தமையே காரணம். அட்டையின் அடியில் அந்தப் பக்கத்துக்கு நேராக ஒரு மெல்லிய தாள் துண்டை வைத்ததும் அழுத்தம் சமமாகியது. மறுநாள் ஒட்டுநாடாவை எழுத்தின்மேல் ஒட்டி மெல்ல உரித்துப் பார்த்தோம். நாடாவில் பொன்துகள் ஏதும் வரவில்லை. மெழுகும் எண்ணெயும் ஏற்றிய தோலாக இருந்திருந்தால் இத்தேர்வில் எழுத்து முழுதுமே நாடாவோடு வந்திருக்கும். ஏடு கிடைத்தபின் தோலுக்கு எண்ணெய் பூசுவதானால் ஃபாயில் இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

ஏடுகளைக் கொண்டுசென்ற நாளில் கண்புரைப் பாட்டி தம் ஏட்டை மடியில் வைத்துத் தடவினார். ஓலையைக் கண்டுகொண்டார். அதன் கீழே விரலை மெதுவாக நகர்த்தி, ‘இங்கே என்ன, குத்துக்குத்தாக இருக்கிறது?’ என்று கேட்டார். புள்ளிகள். நான்கையும் எண்ணினார். அவருக்கு எழுத்து தெரியாது. எழுத்துக்கு மேலே ஏன் குத்தவேண்டும் என்று அவர் கேட்டதற்கு, மெய்யெழுத்து என்றால் என்னவென்று விளக்க எனக்கு அரைமணிநேரம் ஆயிற்று. அதன்பின் அவர் தாமாகவே மூன்று சொற்களைச் சொல்லி, அவற்றில் எங்கெங்கே குத்தவேண்டும் என்று கேட்டார். மூன்றும் எங்கள் பட்டியலில் இல்லாதவை.

பின்குறிப்பாக ஒரு வேண்டுகோள். ஆய்வேடு கட்டக் கொடுக்கும்போதும் சின்னம் பதிக்கக் கொடுக்கும்போதும் ‘எம்போஸ்’ என்று மட்டும் எழுதாதீர்கள். மேடா, பள்ளமா, பொன்னா, பள்ளத்தில் பொன்னா என்று எழுதுங்கள். நான் இக்கட்டுரையில் புடைப்பு, குழிப்பு என்று வழங்கியவை என் வசதிக்காக எடுத்துக்கொண்ட சொற்கள். உங்கள் ஊர்ப் பட்டறைகளில் இம்மூன்றையும் வேறுபடுத்தும் சொற்கள் வழக்கில் இருந்தால், ஊர்ப்பெயரோடு தெரிவியுங்கள். அண்ணாச்சியின் பட்டறையில் வெறுங்குழிப்புக்கு வழங்கும் பெயர் ‘சும்மா அடி’, ஃபாயிலுக்கு ‘பொன்னடி’. இவ்விரண்டும் என் குறிப்பேட்டில் ஏறிவிட்டன. புடைப்புக்கு மட்டும் அவரிடமும் சொல் இல்லை. அதை அவர் அடிப்பதே இல்லை என்பதால்.